'வந்து' என்ற சொல்லை எங்கே வெட்டுவது?

காஞ்சிபுரத்தில் ஒரு முதிய பட்டு நெசவாளரை அவர் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தோம். பேச்சு 52 நிமிடம் ஓடியது. எங்களுக்கு வேண்டியதோ 8 நிமிடப் படம். பதிவைப் போட்டுக் கேட்டபோது முதலில் காதில் விழுந்தது அவருடைய 'வந்து'தான். அடுத்த சொல் வந்து சேரும்வரை பேசுபவர் பிடித்துக்கொள்ளும் கொம்பு அது. 'அந்த', 'அதாவது', 'என்ன சொல்றது', 'ம்ம்' எல்லாம் அதன் உறவுக்காரர்கள். பேச்சில் இவை எல்லோருக்கும் உண்டு. எதிரே உட்கார்ந்து கேட்கும்போது நம் காது அவற்றைத் தானாகவே தள்ளிவிடுகிறது. திரையில் அப்படித் தள்ள முடிவதில்லை.

எடுத்த எடுப்பிலேயே இந்தச் சொற்களைப் பொறுக்க உட்கார்ந்தால் நாள் வீணாகும். எப்படியும் தூக்கி எறியப்போகும் 40 நிமிடத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்துகொண்டிருப்போம். முதலில் பொருளைப் பார்த்துப் பெரிய துண்டுகளை எடுக்க வேண்டும். எங்கள் பேட்டியில் 3 செய்திகள் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்: அவர் தொழில் கற்றது, கோர்வை போடுவது, மகன் தறியில் உட்காராதது. அதிலேயே 52 நிமிடம் 14 ஆனது. ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்ன இடங்களில் நன்றாகச் சொன்னதை வைத்துக்கொண்டதும் 10 ஆனது. இவ்வளவையும் வானொலி நிகழ்ச்சி போலக் காதால் மட்டும் கேட்டுச் செய்தோம். முகம் குதிப்பதை அந்தக் கட்டத்தில் பார்க்கவே கூடாது. பார்த்தால், பேச்சுக்குத் தேவையான வெட்டுகளைக்கூடப் போடக் கை தயங்கும்.

தமிழ்ப் பேட்டிக்கு என்று ஒரு தொல்லை இங்கே இருக்கிறது. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. பேச்சிலோ அது முடியாமல் 'போயிட்டு', 'பார்த்துட்டு', 'கேட்டுட்டு' என்று நீண்டுகொண்டே போகும். 'பார்த்துட்டு' என்ற இடத்தில் குரல் உயர்ந்து நிற்கும். அங்கே வெட்டி அடுத்த செய்தியைக் கோத்தால், ஏதோ சொல்லவந்தவரின் வாயைப் பொத்தியதுபோல் இருக்கும். குரல் இறங்கி உட்காரும் 'வந்தேன்', 'செஞ்சாங்க', 'வேணும்' போன்ற முற்றுவினையைத் தேடிப் பிடித்து அதற்குப் பின்னால்தான் வெட்ட வேண்டும்.

இதற்குப் பிறகு சொற்களுக்கு வரலாம். அவர் சொன்ன ஒரு வாக்கியம் இது: "எங்கப்பா காலத்துல வந்து... அந்த... கோர்வை போடறதுக்கு, என்ன சொல்றது, ரெண்டு ஆள் வேணும்." உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்து இரண்டையும் பிணைப்பதுதான் கோர்வை. அதற்கு நெசவாளர் பக்கத்தில் நாடா வீச இன்னொருவர் வேண்டும். 'அந்த' என்பதன் இரண்டு பக்கமும் மௌனம் இருந்தது, சுலபமாக எடுத்துவிட்டோம். அடுத்து வரும் 'கோர்வை' வல்லினத்தில் தொடங்குவது இன்னும் வசதி. க, த, ப போன்ற ஒலிகளுக்கு முன் வாய் ஒரு நொடிப்பொழுது மூடித் திறக்கிறது. அந்தச் சிறு அடைப்பில் கத்தி பட்டால் காதுக்குத் தெரியாது. 'என்ன சொல்றது' என்பதும் தனியாக நின்றதால் போனது. 'காலத்துல வந்து' மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. 'ல'வின் அகரம் அப்படியே 'வ'வுக்குள் வழுக்கி ஓடுகிறது. எங்கே வெட்டினாலும் பாதி வகரம் மிஞ்சியது. அதை விட்டுவிட்டோம். ஒட்டியிருக்கும் 'வந்து' நன்றாகவே இருக்கிறது. பேசுபவர் மனிதர் என்று அது சொல்கிறது.

பேச்சை எழுத்தாக்கி, 'வந்து' என்று தேடி, மொத்தமாக நீக்கலாமே என்று தோன்றும். "அவர் வந்து ரெண்டு நாள் ஆச்சு" என்பதிலும் 'வந்து' இருக்கிறது. அதை எடுத்தால் வாக்கியமே சாகும். ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வெட்டிய இடத்தில் இரண்டு விஷயம் கெடும். ஒன்று மூச்சு. இரண்டு மூச்சுகள் அடுத்தடுத்து வந்தால் ஆள் திணறுவதுபோல் கேட்கும். மூச்சே இல்லாவிட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். வாக்கியத்துக்கு முன் ஒரு மூச்சு இருக்கட்டும். இன்னொன்று அறையின் ஒலி. ஆள் இல்லாத அறைக்கும் ஒரு ஒலி உண்டு. மின்விசிறி, தெரு, சுவர் எல்லாம் சேர்ந்தது. வெட்டில் அது அறுந்தால் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும். அதனால் பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதை வெட்டுகளின் அடியில் ஓடவிட வேண்டும். பக்கத்து அறைத் தறியை அன்று நிறுத்தச் சொன்னதும் இதற்காகத்தான். தாளத்தோடு ஓடும் ஒலி பின்னால் இருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் தாளம் தப்பும். எவ்வளவு மெருகேற்றினாலும் மறையாது.

காது திருப்தியான பிறகே கண்ணைத் திறக்கலாம். இப்போது முகம் வெட்டுக்கு வெட்டு குதிக்கும். சாய்ந்திருந்த தலை சட்டென்று நிமிரும், மடியில் இருந்த கை காற்றில் இருக்கும். இதுதான் ஜம்ப் கட். இதை மூடுவதற்கு அவர் பேசுவதோடு தொடர்புள்ள வேறு காட்சியை மேலே வைக்கிறோம். குரல் அடியில் தொடர்கிறது. அந்தக் காட்சியின் பெயர் கட்டவே.

கோர்வை பற்றி அவர் பேசும் ஒரு நிமிடத்தில் மட்டும் 11 வெட்டுகள் விழுந்தன. 11 கட்டவே வைத்தால் படம் படபடவென்று அடித்துக்கொள்ளும். வெட்டுகள் நெருங்கி நிற்கும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு சிறு தொடரை வைத்தோம்: பள்ளத்தில் மிதிக்கும் கால், கரையோரம் நாடா வாங்கும் கை, இரண்டு நிறம் சேரும் கோடு. ஒவ்வொன்றும் 4 நொடி. அந்த 12 நொடிக்குள் 5 வெட்டுகள் மறைந்தன. இப்படி இன்னொரு தொடர் 4 வெட்டுகளை மூடியது. மிச்சம் இரண்டில், 4கே தரத்தில் எடுத்திருந்த படத்தைக் கால் பங்கு பெரிதாக்கி முகத்துக்கு அருகே போனோம். ஹெச்டி படத்துக்கு இதில் தரம் குறையாது. பத்து சதவீதம் மட்டும் பெரிதாக்கினால் குதிப்பு மறையாது, தவறு மட்டும் துருத்தும்.

கட்டவேயைச் சரியாக வெட்டின் மேல் தொடங்குவதும் தவறு. ஒரு நொடி முன்பே, 'கரை' என்ற சொல் வரும்போதே கரை தெரிந்தால், பார்ப்பவர் பேச்சைக் கேட்டுத்தான் அங்கே போனதாக உணர்வார். முகத்துக்குத் திரும்புவது புது வாக்கியத்துக்கு முந்திய மூச்சில் இருக்கட்டும். பாதிச் சொல்லில் வாய் திறந்த முகத்துக்குத் திரும்பினால் ஒட்டு தெரிந்துவிடும். பேச்சுக்குச் சம்பந்தமில்லாத கோபுரத்தையும் தெருவையும் வைத்து மூடுவதைவிடக் குதிப்பை அப்படியே விடுவது மேல். எரால் மாரிஸ் 2003இல் எடுத்த 'தி ஃபாக் ஆஃப் வார்' ஆவணப்படத்தில் ராபர்ட் மெக்நமாராவின் முகம் பல இடங்களில் வெளிப்படையாகக் குதிக்கிறது. இங்கே வெட்டியிருக்கிறேன் என்று அது பார்ப்பவரிடம் ஒளிக்காமல் சொல்கிறது.

கட்டவே எதையும் மூடும் என்பதால், ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கு ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. அதைச் செய்யக்கூடாது. இன்னொரு தவறு, கெட்ட எண்ணமே இல்லாமல் நடப்பது. அதை நானே செய்தேன். மகன் ஏன் நெசவுக்கு வரவில்லை என்று கேட்டதற்கு அவர் 6 நொடி பேசவில்லை. பிறகு, "அவன் வந்து... அந்த... அவனுக்குப் பிடிக்கல" என்றார். மற்ற இடங்களைப் போலவே மௌனத்தை எடுத்தேன், 'வந்து', 'அந்த' இரண்டையும் எடுத்தேன், மேலே ஓடாத தறியின் காட்சியை வைத்தேன். "அவனுக்குப் பிடிக்கல." கேட்டவுடன் சொன்ன பதில்போல் ஆனது. மகனைப் பற்றிக் கவலையே இல்லாத தகப்பனாக அவர் தெரிந்தார்.

அன்று எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "அவர் இப்படிச் சொல்லலையே" என்றார். அதிலிருந்து, பேட்டியின்போது அங்கே இருந்த ஒருவருக்குக் காட்டாமல் நான் எதையும் முடிப்பதில்லை. கட்டவேயை எடுத்துவிட்டு அந்த 6 நொடியையும் இரண்டு சொற்களையும் முகத்தோடு திரும்ப வைத்தோம். படம் 8 நிமிடம் 9 நொடியில் முடிந்தது.