கிச்சன் கட்டப் போறீங்களா? ஸ்லாப் போடும் முன் இந்த 2 ஓட்டைகளை முடிவு பண்ணுங்க!

வீடு கட்டும்போது கிச்சன் பற்றி நம்ம வீட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் கிரானைட் கலரில் ஆரம்பித்து கப்போர்ட் கலரில் முடிந்துவிடும். சிங்க் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும், சிம்னி புகை எந்த வழியாக வெளியே போகும் என்ற இரண்டு கேள்விகளும் கடைசியில்தான் வரும். அதற்குள் சுவர் பூசி, லாஃப்ட் போட்டு, டைல்ஸும் ஒட்டியிருப்பார்கள்.

எங்க வீட்டிலும் இதேதான் நடந்தது. ஹாலை ஒட்டிய உள்சுவரில் சிங்க் வைத்தார்கள். அதன் பைப் மேடைக்கு அடியில் 11 அடி ஓடி, இரண்டு இடத்தில் வளைந்துதான் வெளியே போகிறது. மாதம் ஒருமுறை அம்மா குச்சியோடு அடைப்பு எடுக்கிறார். சிம்னி வாங்கியபோது லாஃப்ட்டை உடைக்க மனசு வராமல் 4 இன்ச் பைப்பில் ஒப்பேற்றினார்கள். இப்போது அது சத்தம் மட்டும் போடுகிறது, புகை கிச்சனிலேயே சுற்றுகிறது.

இப்போது அக்கா வீடு கட்டுகிறார். கிச்சன் 10 அடிக்கு 8 அடி. இந்த முறை முதலில் வெளிச்சுவரைத்தான் பார்த்தோம். அந்த ஒரே கிச்சனை வைத்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

வெளிச்சுவர் எது?

அக்கா வீட்டில் கிழக்குப் பக்கம் உள்ள 10 அடி சுவர் வெளிச்சுவர். அதற்கு வெளியே 3 அடி சந்து, அந்தச் சந்தில்தான் கழிவுநீர் சேம்பர் வருகிறது. அதனால் அடுப்பு, சிங்க் இரண்டையும் அந்தச் சுவரிலேயே வைக்க முடிவு செய்தோம். தெற்கு முனையில் அடுப்பு, வடக்கு முனைப் பக்கம் சிங்க், சிங்க்குக்கு மேலே ஜன்னல். அக்னி மூலையில் அடுப்பு, கிழக்கு பார்த்து சமையல், ஈசானியத்தில் தண்ணீர் என்று வாஸ்துவும் பொருந்திவிட்டதால் பெரியவர்களிடம் வாக்குவாதம் மிச்சம்.

ஜன்னல் சிங்க்குக்கு மேல் இருப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. அடுப்புக்கு நேர் மேலே ஜன்னல் வந்தால் சிம்னி மாட்ட இடம் இருக்காது. காற்றில் தீயும் அலையும்.

அந்த முக்கோணம் என்ன?

அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். சமைப்பவர் நாள் முழுக்க நடப்பது பெரும்பாலும் இந்தக் கோடுகளில்தான். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு இது. ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்குக் குறையாமல் 9 அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து 26 அடியைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி.

அக்கா கிச்சனில் அடுப்பின் நடுவிலிருந்து சிங்க்கின் நடுவுக்கு 5 அடி. தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃப்ரிட்ஜிலிருந்து அடுப்புக்கு நாலரை அடி, சிங்க்குக்கு 7 அடி. மொத்தம் பதினாறரை அடி, தாராளமாகப் பொருந்துகிறது. நம்ம ஊரில் ஃப்ரிட்ஜை ஹாலில் வைக்கும் பழக்கம்தான் இந்தக் கணக்கைக் கெடுப்பது. ஒவ்வொரு தடவை கறிவேப்பிலை எடுக்கவும் வாசல் தாண்டி ஒரு நடை.

ஆனால் முக்கோணத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் காலி இடம். அங்கேதான் காய் நறுக்குவோம், மிக்ஸி ஓடும், இறக்கிய குக்கரை வைப்போம். அக்கா கிச்சனில் அது 3 அடி. ஒன்றரை அடிக்குக் கீழே போனால் சிங்க்கில் தெறிக்கும் தண்ணீர் அடுப்பு வரை வரும்.

மேடை உயரம்: மேஸ்திரி எங்கிருந்து அளக்கிறார்?

மேடை உயரத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. சமைப்பவர் செருப்பில்லாமல் நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். அதில் 4 முதல் 6 இன்ச் கழித்தால் மேடை உயரம். அக்காவின் உயரம் 5 அடி 1 இன்ச், முழங்கை 38 இன்ச்சில் வருகிறது. கழித்தால் 32 முதல் 34. நாங்கள் 33 என்று வைத்தோம்.

வீட்டில் இருவர் சமைத்து, உயர வித்தியாசம் அதிகமாக இருந்தால் அதிக நேரம் நிற்பவரின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பையும் கணக்கில் சேர்க்கணும். மேடை மேல் வைக்கும் கேஸ் ஸ்டவ் 4 இன்ச் வரை உயர்த்தும். அதன் மேல் 7 இன்ச் குண்டான் வைத்தால், 33 இன்ச் மேடையில் குண்டானின் விளிம்பு 44 இன்ச்சுக்குப் போய்விடுகிறது. அக்காவின் முழங்கையை விட 6 இன்ச் மேலே. சாம்பாரைக் கிளறும்போது தோள் தூக்கிக்கொள்வது இதனால்தான். அதனால் 34-க்குப் போகாமல் 33-லேயே நிறுத்தினோம்.

இனி வருவதுதான் பலருக்கும் தெரியாமல் நடக்கும் தப்பு. மேடை கட்டும் நேரத்தில் தரையில் டைல்ஸ் இருக்காது. வெறும் காங்கிரீட் தரையிலிருந்து மேஸ்திரி 33 இன்ச் அளந்து கோடு போடுவார். பிறகு கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை 2 இன்ச் ஏறும். கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது 31 இன்ச் மேடை. காய் நறுக்கும்போது முதுகு வலிக்க ஆரம்பித்த பிறகுதான் டேப் எடுத்துப் பார்ப்போம். எங்க வீட்டு மேடை 31 இன்ச்தான், அம்மாவும் அக்கா உயரம்தான்.

எனவே டைல்ஸ் முடிந்த தரை எங்கே வரும் என்று ரசமட்டம் பிடித்து சுவரில் முதலில் ஒரு கோடு போடச் சொல்லுங்க. மேடை, பைப், சிம்னி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான் எடுக்கணும்.

சிங்க் ஓட்டை எந்த உயரத்தில்?

சிங்க்குக்கு அடியில் வளைவாக அல்லது பாட்டில் வடிவத்தில் ஒரு டிராப் இருக்கும். அதில் எப்போதும் 2 இன்ச் அளவு தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பல வீடுகளில் இந்த டிராப்பே இல்லை. வெள்ளை நெளி ஹோஸ் ஒன்றைச் சுவர் ஓட்டையில் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிளம்பரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஓட்டை தப்பான உயரத்தில் இருந்தால் டிராப் மாட்டவே முடியாது.

கணக்கைப் பாருங்க. மேடை 33 இன்ச். சிங்க் ஆழம் 9 இன்ச் என்றால் அதன் அடிப்பாகம் 24-ல் இருக்கும். அதன் கீழே வடிகட்டிக் கப்ளிங் 3 இன்ச் இறங்கினால் 21. டிராப்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய் அதற்கும் 4 இன்ச் கீழே, அதாவது 17-ல் வரும். ஆகவே சுவர் ஓட்டையின் நடு, டைல்ஸ் தரையிலிருந்து 16 இன்ச்சில் இருந்தால் சரியாக இருக்கும். மேஸ்திரி குத்துமதிப்பாக 20, 22-ல் ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும். அப்போதுதான் டிராப்பைக் கழற்றிவிட்டு ஹோஸைச் செருகுவார்கள்.

எந்த சிங்க் என்று முன்பே முடிவு செய்யணும் என்பது இதனால்தான். 7 இன்ச் ஆழ சிங்க்குக்குப் போட்ட ஓட்டை, பிறகு ஆசைப்பட்டு வாங்கும் 10 இன்ச் சிங்க்குக்குப் பொருந்தாது.

அடுத்தது வாட்டம். பைப் ஒரு அடி ஓடினால் கால் இன்ச் இறங்கணும். எங்க வீட்டு 11 அடி பைப்புக்கு கால் இன்ச் குறைய 3 அங்குலம், அதாவது 2¾ இன்ச் இறக்கம் வேண்டும். கப்போர்ட் அடியில் இடம் இல்லை என்று கிட்டத்தட்ட சமமாகவே போட்டுவிட்டார்கள். சோற்றுக் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் முதல் வளைவிலேயே படிந்து இறுகுகின்றன. அக்கா வீட்டில் சிங்க் வெளிச்சுவரிலேயே இருப்பதால் 2 இன்ச் பைப் 9 இன்ச் சுவரைத் தாண்டியதும் சந்தில் இறங்கிவிடுகிறது. இறங்கும் இடத்தில் திறந்து சுத்தம் செய்ய மூடி உள்ள டோர் எல்போ வைத்திருக்கிறோம். சேம்பருக்கு முன்னால் ஒரு கல்லி டிராப்பும் உண்டு.

சிம்னி: லாஃப்ட்தான் வில்லன்

சிம்னியின் அடிப்பாகம் அடுப்பிலிருந்து 26 முதல் 30 இன்ச் உயரத்தில் இருக்கணும். கம்பெனி மேனுவலில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் சரி. அக்கா கிச்சனில் மேடை 33, அடுப்பு 4, இடைவெளி 28 என்று கூட்டினால் 65 இன்ச். சிம்னி பாடி ஒன்றரை அடி என்றால் அதன் தலை 83 இன்ச்சில் முடிகிறது.

நம்ம வீடுகளில் லாஃப்ட் வருவது 7 அடியில், அதாவது 84 இன்ச்சில். இடையில் மிச்சம் ஒரே ஒரு இன்ச்! 6 இன்ச் டக்ட் பைப் எங்கே திரும்பும்? லாஃப்ட்டோடு சேர்ந்து லிண்டலும் ஓடுவதால் அந்த மட்டத்தில் சுவரையும் துளைக்கக் கூடாது, கம்பி அறுந்துவிடும்.

தீர்வு சுலபம்தான், நேரத்தில் செய்தால். லாஃப்ட் காங்கிரீட் போடும்போதே சிம்னிக்கு நேர் மேலே 7 இன்ச் வட்டமாக இடம் விடச் சொன்னோம். டக்ட் அதன் வழியாக நேராக ஏறி, லிண்டலுக்கு மேலே 8 அடி உயரத்தில் ஒரே ஒரு வளைவு எடுத்து வெளியே போகிறது. இல்லையென்றால் அடுப்புக்கு மேலே மட்டும் லாஃப்ட்டையே நிறுத்திவிடலாம்.

6 இன்ச் வாய் உள்ள சிம்னிக்கு 4 இன்ச் பைப் மாட்டினால் என்ன ஆகும்? கேட்க 2 இன்ச் வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே, 44 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. மோட்டார் பெரியதாக வாங்கினாலும் சத்தம்தான் கூடும். ஒவ்வொரு 90 டிகிரி வளைவும் இழுப்பைக் குறைக்கும், இரண்டுக்கு மேல் வேண்டாம். நெளி அலுமினியப் பைப் போட்டால் நன்றாக இழுத்து விறைப்பாக மாட்டச் சொல்லுங்க. தொய்வான மடிப்புகளில் எண்ணெய் சேரும். வெளிமுனை லேசாகக் கீழ்நோக்கி இருக்கணும், மழைத் தண்ணீர் உள்ளே வராது. முனையில் மூடியும் வேண்டும், இல்லாவிட்டால் புறா குடியேறிவிடும்.

சிம்னி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ பேப்பரை ஃபில்டரில் வைத்துப் பாருங்க. ஒட்டிக்கொண்டு நின்றால் இழுப்பு இருக்கிறது. விழுந்தால் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி வையுங்க. எல்லாவற்றையும் மூடி வைத்தால், வெளியே தள்ள சிம்னிக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கும்? திறந்தும் விழுகிறது என்றால் டக்ட்டில்தான் கோளாறு.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள்?

மேடையைத் தூக்குவது பெரிய வேலை. 31 இன்ச்சில் மாட்டிக்கொண்டவர்கள் 2 இன்ச் கனத்தில் ஒரு மரப்பலகையை நறுக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம், எங்க அம்மா அப்படித்தான் சமாளிக்கிறார். சிங்க் நாறினால் கப்போர்டைத் திறந்து டிராப் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. இல்லையென்றால் பிளம்பரிடம் அதை மட்டும் மாட்டச் சொல்லலாம், ஓட்டை உயரம் இடம் கொடுத்தால். 4 இன்ச் டக்ட் போட்டவர்களுக்கு மட்டும் குறுக்கு வழி இல்லை, கோர் கட்டிங் ஆளைக் கூப்பிட்டு சுவர் ஓட்டையைப் பெரிதாக்கித்தான் ஆகணும். லிண்டல், பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மெஷினை வைக்கச் சொல்லுங்க.

இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால், பூச்சு வேலைக்கு முந்தின நாள் கிச்சனின் நாலு சுவரையும், டேப் பிடித்தபடி மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. பின்னாடி ஷெல்ஃப் மாட்ட வருபவர் டிரில்லைக் கையில் எடுக்கும்போது, பைப் எங்கே ஓடுகிறது என்று காட்ட அந்தப் போட்டோதான் இருக்கும்.