மாதம் ஐந்து மின்கையொப்பம்: எது கணக்கில் சேரும், எது சேராது?

ஒப்பந்தங்களை அச்சிட்டு, வாடிக்கையாளர் வீடு வரை கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கும் அலைச்சலைத் தவிர்க்கச் சிறு வணிகர்கள் பலர் மின்கையொப்பச் சேவைகளுக்கு மாறி வருகின்றனர். அவற்றின் மலிவான திட்டங்களில் மாத வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, டாக்குசைன் நிறுவனத்தின் தனிநபர் திட்டத்தில் மாதம் 5 உறைகள் மட்டுமே அனுப்பலாம். மீதமிருப்பது அடுத்த மாதத்தில் சேராது.

இங்கே ‘உறை’ என்பது ஒரு முறை அனுப்பும் கட்டு. அதற்குள் பல ஆவணங்களை வைக்கலாம், பலர் கையொப்பமிடலாம். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

கிள்ளானில் திருமண மேடை அலங்காரம் செய்பவர் ஒருவருக்கு இம்மாதம் நான்கு வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஒப்பந்தம், ஒரு விலைப் பட்டியல். இரண்டையும் ஒரே உறையில் அனுப்பினால் நான்கு செலவாகும், ஒன்று மிஞ்சும். தனித்தனியாக அனுப்பினால் எட்டு தேவை. மூன்றாவது வாடிக்கையாளரோடு வரம்பு தாண்டிவிடும்.

கையொப்பமிடத் தாமதிக்கும் வாடிக்கையாளருக்கு மூன்று முறை நினைவூட்டினாலும் கணக்கு கூடாது. திரையில் உள்ள Resend பொத்தானும் ஏற்கெனவே அனுப்பிய உறையைத்தான் மீண்டும் நினைவூட்டுகிறது. ‘மின்னஞ்சல் வரவில்லை’ என்று அவர் சொன்னதும் அதே ஒப்பந்தத்தைப் புதிதாகப் பதிவேற்றி அனுப்பினால்தான் இன்னோர் உறை போய்விடும்.

ஒப்பந்தத்தில் திருமணத் தேதி தவறிவிட்டால்? பலர் உடனே Void பொத்தானை அழுத்தி ரத்து செய்துவிட்டுப் புதிதாக அனுப்புகின்றனர். ரத்தான உறை திரும்பக் கிடைக்காது. மிஞ்சியிருந்த ஐந்தாவதும் தீர்ந்துவிடும். யாரும் கையொப்பமிடாத நிலையில் Correct பொத்தானைப் பயன்படுத்தி அதே உறையைத் திருத்தினால் கூடுதல் செலவில்லை. வாடிக்கையாளர் மறுத்தாலும் கெடு தீர்ந்து காலாவதியானாலும் அனுப்பியது அனுப்பியதுதான்.

டெம்ப்ளேட் எனப்படும் மாதிரிப் படிவத்தைத் தயாரித்துச் சேமிப்பதால் உறை குறையாது. அதிலிருந்து ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ஒன்று குறையும். வேலையாட்கள் 20 பேருக்கு ஒரே படிவத்தை மொத்தமாக அனுப்பினால், ஒரே சொடுக்கில் அனுப்பியிருந்தாலும் ஆளுக்கொன்றாக 20 உறைகள். சில சேவைகள் எத்தனை மாதிரிப் படிவங்களைச் சேமிக்கலாம் என்பதற்கும் தனி வரம்பு வைத்துள்ளன.

எனவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்முன், மாதத்தில் எத்தனை பேரிடம் கையொப்பம் வாங்குகிறோம் என்பதைவிட எத்தனை முறை அனுப்புகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே சரியான கணக்கு. அனுப்பும் பொத்தானை அழுத்தும்வரை வரைவுக்குச் செலவில்லை. பெயர், தேதி, தொகை மூன்றையும் அந்த நேரத்திலேயே சரிபார்த்துவிடலாம்.