ஒரே பட்டியலில் மூன்று மொத்தங்கள்

விதைநெல் பங்கீடு, வேலிக்கம்பி, வீட்டுத்திட்டம் என எதுவாயினும் இப்போது எமது சங்கங்களின் பட்டியல்கள் கணனியில் எக்செல் தாளிலேயே எழுதப்படுகின்றன. அதிலிருந்து 'பிவட் அட்டவணை' என்ற சுருக்கத்தைத் தயாரித்து அச்சடித்துக் கூட்டத்திலே வாசிக்கிறார்கள். சிலவேளை அந்தச் சுருக்கத்தின் மொத்தமும் மூலப்பட்டியலின் மொத்தமும் ஒத்துவருவதில்லை. உடனே சந்தேகம் எழுகிறது, பெயர்கள் இழுபடுகின்றன. பெரும்பாலும் இதில் களவு இருப்பதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பங்கு விடுபட்டிருக்கக்கூடும். ஆகவே காரணத்தைத் தேடிப்பார்ப்பது அவசியம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 36 குடும்பங்கள், 60 ஏக்கர், ஏக்கருக்கு 2 புசல் விதைநெல். ஆக 120 புசல் தேவை. தாளில் A நிரலில் பெயர், B நிரலில் தற்போதைய இருப்பிடம், C நிரலில் ஏக்கர், D நிரலில் புசல். பெயர்கள் 2ஆம் வரியிலிருந்து 37ஆம் வரிவரை. உறவினர் வீட்டில் இருப்போருக்கு 44 புசல், வாடகை வீட்டில் இருப்போருக்கு 30, சொந்தக் காணிக்குத் திரும்பியோருக்கு 28. மீதி 5 குடும்பங்களின் இருப்பிடம் எழுதப்படவில்லை. அடிக்கடி இடம் மாறுகிறவர்களிடம் எதை எழுதுவது என்று எழுதுபவர் விட்டுவிட்டார். அவர்களுக்குரியது 18 புசல்.

கூட்டத்திற்கு வந்த தாளின் அடியில் 90 என்றிருந்தது. பிவட் அட்டவணையில் 102. வங்கிக்குக் கொடுத்த கடிதத்திலோ 120.

முதலில் 90ஐப் பார்ப்போம். செயலாளர் தாளில் வடிகட்டி போட்டு வாடகை வீட்டாரை மறைத்திருந்தார். அடியிலிருந்த கூட்டல் இது:

```
=SUBTOTAL(9,D2:D37)
```

இது வடிகட்டி மறைத்த வரிகளைக் கூட்டாது. பிவட் அட்டவணையோ தாளில் எது மறைந்திருக்கிறது என்று பார்ப்பதேயில்லை. மறைந்த வரிகளையும் சேர்த்தே கணக்கிடும். தாளில் வரிகள் மறைந்திருப்பதை அறிய இடப்பக்க வரி எண்களைப் பாருங்கள். 6க்கு அடுத்து 9 வந்தால் இடையில் இரண்டு வரிகள் மறைந்துள்ளன. எண்கள் நீலமாக இருந்தால் வடிகட்டி போடப்பட்டிருக்கிறது. (கையால் மறைத்த வரிகளை இதே 9 கூட்டிவிடும், அவற்றையும் விடவேண்டுமானால் 109 என எழுதவேண்டும். அந்த வேறுபாடு பலரைக் குழப்பியிருக்கிறது.)

இனி 102. இதுதான் எமக்கு முக்கியமானது. இருப்பிடம் எழுதப்படாத ஐந்து குடும்பங்களும் பிவட் அட்டவணையில் `(blank)` என்ற பெயரில் ஒரு வரியாக வந்திருந்தன. பார்வைக்கு அழகில்லை என்று யாரோ அம்புக்குறியை அழுத்தி, அதன் எதிரே இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டார். அந்த வரியோடு 18 புசலும் மொத்தத்திலிருந்து போய்விட்டது. தாளில் குடும்பங்கள் இருக்கின்றன, சுருக்கத்தில் இல்லை. நெல் இறக்குகிறவர் சுருக்கத்தைத்தான் பார்ப்பார்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. வெறுமையான கூடுகள் இரண்டில் இவற்றை எழுதுங்கள்:

```
=SUM(D2:D37)
=SUMIF(B2:B37,"",D2:D37)
```

முதலாவது மறைவு எதையும் பாராமல் 120 தரும். இரண்டாவது இருப்பிடம் எழுதாதோரின் 18ஐத் தரும். பிவட் மொத்தத்தில் குறைவது சரியாக அந்த 18 ஆனால் காரணம் தெரிந்துவிட்டது. பெயர் நிரலையும் பிவட்டில் எண்ணவைத்தால் 36க்குப் பதிலாக 31 என்று வரும். புசலைவிடத் தலைகளை எண்ணுவது கூட்டத்தில் இருப்போருக்கும் இலகுவில் விளங்கும்.

திருத்துவதற்கு, வெறுமையான கூட்டில் 'விசாரிக்கவேண்டும்' என்று எழுதி `Refresh` அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் பிவட் பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். அழுத்திய பின்னரும் அம்புக்குறியைத் திறந்து பாருங்கள்: முன்பு வடிகட்டி போட்டிருந்தால் இந்தப் புதிய சொல்லும் சரி அடையாளமின்றி வெளியே நிற்கக்கூடும்.

புசல் நிரலே வெறுமையாக இருந்தால் வேறு சிக்கல். எழுத்தோ வெறுமையோ கலந்திருந்தால், பழைய எக்செல் பதிப்புகள் கூட்டுவதற்குப் பதிலாக எண்ணத் தொடங்கும்; 120 வரவேண்டிய இடத்தில் 35 என்று நிற்கும். மொத்தத்தின் தலைப்பில் `Sum` என்றா `Count` என்றா இருக்கிறது என்பதை வாசித்தால் தெரிந்துவிடும். '4 புசல்' என்று எழுத்தோடு தட்டச்சிட்ட கூடும் கூட்டலில் சேராது. 4 மட்டும் எழுதவேண்டும்.

பிந்தி வந்து சேர்ந்த குடும்பங்களை, ஒரு வரி இடைவெளி விட்டு அடியில் எழுதுகிற பழக்கமும் சில சங்கங்களில் உண்டு. எக்செல் தானாக எல்லையைத் தெரியும்போது அந்த வெற்று வரியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளவர்கள் சுருக்கத்தில் வரவே மாட்டார்கள். வெற்று வரியை நீக்கிவிட்டு, `Change Data Source` என்பதில் கடைசிப் பெயர்வரை எல்லை எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.