சட்டைப் பையில் ஓடும் பாட்டு

இசைச் செயலிகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. பாட்டு நன்றாகத்தான் தொடங்குகிறது. திரையை அணைத்துச் சட்டைப் பையில் போட்டால், ஒரு நிமிடம் போல ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. எடுத்துத் திரையைத் திறந்தால், ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்குகிறது. "நெட் சரியில்லை" என்று சொல்லிப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நிமிடம் தற்செயலாக வருவதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு செயலி பாட்டை எப்படி வாங்குகிறது, எங்கே வைக்கிறது, திரை அணைந்த பிறகு யார் தயவில் பாடுகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் அது வருகிறது என்றால், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்ற கணக்கில் வினாடிக்கு 20 கிலோபைட் ஆகிறது. முழுப் பாட்டுக்கும் 4.8 எம்.பி. அத்தனையும் இறங்கி முடிந்த பிறகுதான் பாடும் என்றால் கேட்பவருக்குப் பொறுமை இருக்காது. ஆகவே சர்வரிலேயே பாட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி வைக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் ஐபோனுக்காகக் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறை இதைத்தான் செய்கிறது. ஒரு துண்டு சுமார் 6 வினாடி இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. நம் பாட்டு அப்படி 40 துண்டுகளாகும். ஒவ்வொன்றும் 120 கிலோபைட். எந்தத் துண்டுக்குப் பின் எது என்று சொல்ல ஒரு பட்டியல் கோப்பும் கூடவே இருக்கும். `.m3u8` என்று முடியும் அந்தக் கோப்பைத் திறந்தால் யாரும் படிக்கலாம்:

```
#EXTM3U
#EXT-X-VERSION:3
#EXT-X-TARGETDURATION:6
#EXTINF:6.0,
paattu-001.aac
#EXTINF:6.0,
paattu-002.aac
```

நாம் பாட்டைத் தொட்டதும் செயலி முதலில் இந்தப் பட்டியலை வாங்கும்; பிறகு வரிசையாகத் துண்டுகளைக் கேட்கும். ஒரு இணையப் பக்கத்தின் படத்தைக் கேட்பதுபோலவேதான் இதையும் கேட்கிறது. தனி வகைச் சர்வர் தேவையில்லை என்பதே இந்த முறை உலகெங்கும் பரவியதற்குப் பெரிய காரணம்.

வந்த துண்டை அப்போதைக்கப்போது பாடிவிட்டால், டவர் ஒரு கணம் விட்டுப்போனாலும் பாட்டு அறுந்துவிடும். அதனால் செயலி எப்போதும் கொஞ்சம் முன்னே ஓடி, இனி வரப்போகும் துண்டுகளையும் வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இந்த முன்கையிருப்புதான் பஃபர். ஆண்ட்ராய்டு செயலிகள் பலவற்றுள்ளும் இருப்பது கூகுளின் எக்ஸோபிளேயர். இப்போது அது மீடியா3 என்ற தொகுப்பின் பகுதி. செயலியை எழுதியவர் எதையும் மாற்றாவிட்டால், அது சுமார் 50 வினாடிக்கான சரக்கைக் கையில் வைத்திருக்கப் பார்க்கும். நெடுங்காலம் அதன் வழக்கம், இரண்டரை வினாடிச் சரக்கு சேர்ந்ததும் பாடத் தொடங்குவது. நடுவில் சரக்கு தீர்ந்து நின்றுவிட்டால் 5 வினாடி சேரும்வரை பொறுப்பது. ஒருமுறை தடுக்கினால் மன்னிப்பார்கள், எழுந்தவுடனே மறுபடி தடுக்கினால் செயலியை மூடிவிடுவார்கள் என்ற அனுபவம் அந்த எண்களுக்குள் இருக்கிறது.

நம் பாட்டுக்கு 50 வினாடி என்பது வெறும் 1 எம்.பி. ரயில் போகும் வழியில் 40 வினாடி சிக்னலே இல்லாமல் போனாலும் கேட்பவருக்குத் தெரியாது. புகாரில் வரும் 'ஒரு நிமிடம்' இந்த 50 வினாடிதான். கையிலிருந்த சரக்கு தீரும்வரை பாட்டு பாடியிருக்கிறது. புதிதாகச் சரக்கு வரவில்லை. திரை அணைந்ததும் வரத்து ஏன் நின்றது என்பதற்குப் பிறகு வருவோம்.

வீடியோவில் இதே கதை இன்னும் சிக்கலாகிறது. ஒரே படத்தைச் சர்வர் பல தரங்களில் வைத்திருக்கும்: வினாடிக்கு 300 கிலோபிட், 800, 2500 என்று படிக்கட்டாக. செயலி ஒவ்வொரு துண்டும் வந்து சேர எடுத்த நேரத்தை அளந்து, நெட் வேகத்தை ஊகிக்கிறது. வேகம் 1,000 என்று தெரிந்தால் 800-ஐ எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் எக்ஸோபிளேயர் அளந்த வேகத்தில் 70 சதவீதத்தைத்தான் நம்பும். அதாவது 700. எனவே 300-க்கு இறங்கிவிடும். நெட் நன்றாக இருக்கும்போதே படம் மங்கலாக இருக்கிறதே என்ற எரிச்சலுக்குப் பல நேரம் இந்த எச்சரிக்கைதான் காரணம். இன்னொன்று, நெட் வேகம் விழுந்த அதே நொடியில் படம் மங்காது. நல்ல தரத்தில் வாங்கிவைத்த துண்டுகள் தீர்ந்த பிறகே மங்கல் துண்டுகள் திரைக்கு வரும். படம் மங்கும்போது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஊரைத் திட்டிப் பயனில்லை. குற்றவாளி முந்தைய ஊர்.

பஃபர் நினைவகத்தில் இருப்பதால் செயலி மூடியதும் மறைந்துவிடும். அதே பாட்டை நாளைக்குக் கேட்டால் மறுபடி 4.8 எம்.பி. செலவாகும், பத்து முறை கேட்டால் 48. இதைத் தவிர்க்க, வந்த துண்டுகளைப் போனின் சேமிப்பிலும் எழுதி வைப்பது கேஷ். அதற்கு ஓர் அளவு வைத்திருப்பார்கள். நிரம்பிவிட்டால், வெகுநாளாகத் தொடாத துண்டு முதலில் கழியும்.

கேஷ் வேலை செய்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். ஒரு பாட்டைக் கடைசிவரை கேளுங்கள். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். பாடினால் கேஷ் இருக்கிறது. சில கட்டணச் செயலிகள் உரிமை சரிபார்க்க நெட் கேட்டு மறுக்கும். அப்படிப்பட்டவற்றில் போனின் அமைப்புகளுக்குள் போய், அந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்திருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்பதற்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

கேஷ் வைத்திருந்தும் அது வீணாகும் விதம் ஒன்று உண்டு. பாட்டைத் திருடாமல் இருக்க, சர்வர்கள் ஒவ்வொரு முறையும் காலாவதி நேரமும் ரகசியக் குறியும் ஒட்டிய புதிய முகவரியைத் தரும். கேஷோ முகவரியை வைத்துத்தான் துண்டை அடையாளம் காண்கிறது. நேற்றைய துண்டும் இன்றைய துண்டும் ஒன்றே ஆனாலும் முகவரி வேறு. ஆகவே புதிது என்று நினைத்து மறுபடி வாங்கி, பக்கத்திலேயே இன்னொரு பிரதியாக வைத்துக்கொள்ளும். டேட்டாவும் போகும், இடமும் போகும். முகவரிக்குப் பதில் பாட்டின் நிலையான எண்ணைக் கொண்டு அடையாளம் காணும்படி செயலியை எழுதினால் இது தீர்ந்தது.

'டவுன்லோட்' என்ற பொத்தான் வேறு விஷயம். கேஷுக்கென்று உள்ள இடத்தை, சேமிப்பு குறையும்போது ஆண்ட்ராய்டும் ஐபோனும் கேட்காமலே காலி செய்யும். அது அவற்றின் உரிமை. பயனர் வேண்டுமென்று இறக்கிவைத்த பாட்டை அந்த இடத்திலேயே போட்டுவைக்கும் செயலிகளை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஊருக்குப் போகும் வழியில் கேட்கலாம் என்று இறக்கிவைத்தவை, ரயில் ஏறும்போது காணாமல் போயிருக்கும்.

இப்போது திரையை அணைப்போம். அணைந்ததும் போன் பேட்டரியை மிச்சம்பிடிக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத செயலிகளை உறையவைக்கும், செயலகத்தைத் தூங்கவிடும், வைஃபையையும் அடக்கும். இந்த நேரத்தில் பாட வேண்டுமென்றால் செயலி முறைப்படி அனுமதி பெற வேண்டும். ஆண்ட்ராய்டில் அதற்கு முன்னணிச் சேவை என்று பெயர்: அறிவிப்புப் பட்டையில் எல்லோருக்கும் தெரியும்படி ஓர் அட்டையைக் காட்டிக்கொண்டுதான் பின்னணியில் வேலை செய்யலாம். ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைத்து எழுதும் செயலி, அந்த வேலை `mediaPlayback` வகை என்றும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐபோனிலும் பின்னணியில் ஒலி தேவை என்று செயலி அறிவித்திருக்க வேண்டும். இதுபோக, செயலகமும் நெட்டும் தூங்காமல் பிடித்துவைக்கும்படி பிளேயரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எக்ஸோபிளேயரில் அது ஒரே வரி:

```
player.setWakeMode(C.WAKE_MODE_NETWORK)
```

இந்த வரி விடுபட்டுப்போனாலோ, செயலகத்தை மட்டும் பிடித்துவைத்து நெட்டை மறந்தாலோ, வைஃபை அடங்கியதும் துண்டுகளின் வரத்து நிற்கும். பஃபரில் இருப்பது தீரும்வரை பாட்டு ஓடும். பிறகு நிசப்தம். திரையைத் திறந்தால் வைஃபை விழிக்கும், பாட்டு தொடரும். நோய் இதுதானா என்று பார்க்க, இறக்கிவைத்த பாட்டை ஓடவிட்டுத் திரையை அணையுங்கள். அது தடையின்றி ஓடி, நெட்டிலிருந்து வருவது மட்டும் நின்றால் வரத்துதான் பிரச்சினை. இரண்டும் நின்றால் செயலியையே போன் நிறுத்துகிறது என்று பொருள். சில போன்களின் கடுமையான பேட்டரி சேமிப்பு இதைச் செய்யும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்க்கலாம். யூடியூபில் திரை அணைந்ததும் பாட்டு நிற்பது இந்த வகையில் சேராது. பின்னணியில் ஓடுவதைக் கட்டணச் சந்தாவுக்கென்று அவர்கள் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பூட்டிய திரையில் தெரியும் பாட்டின் பெயர், படம், நிறுத்தும் பொத்தான் ஆகியவற்றைச் செயலிதான் வரைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வரைவது போனின் இயங்குதளம். செயலி ஒரு வாக்குமூலம் மட்டும் கொடுக்கிறது: இன்ன பாட்டு, இத்தனை நீளம், இப்போது இந்த இடத்தில் இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்த பாட்டுக்குத் தாவலாம். ஆண்ட்ராய்டில் 5.0 பதிப்பிலிருந்து இந்த வாக்குமூலத்தை ஏந்தி நிற்பது `MediaSession`. புளூடூத் இயர்போனின் பொத்தான், கைக்கடிகாரம், கார் ஸ்டியரிங்கின் விசை எல்லாமே இதன் வழியாகத்தான் செயலியோடு பேசுகின்றன.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் நகரும் கோடு. ஒவ்வொரு வினாடியும் செயலி வந்து "இப்போது 61, இப்போது 62" என்று சொல்வதில்லை. இந்த நேரத்தில் 60-ஆவது வினாடியில் இருந்தேன், சாதாரண வேகத்தில் ஓடுகிறேன் என்று ஒருமுறை சொல்லிவிடும். மிச்சத்தை இயங்குதளம் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டுக் கோட்டை நகர்த்தும். ஆகவே பாட்டு நெட்டுக்காகக் காத்து நிற்கும்போது செயலி அதைத் தெரிவிக்க மறந்தால், சத்தமே இல்லாமல் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பூட்டிய திரையில் இதைப் பார்த்தால் செயலியின் வாக்குமூலம் பொய் என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, ஒலிபெருக்கி ஒன்று, உரிமை கேட்பவர்கள் பலர். வழி சொல்லும் மேப் குரல் குறுக்கிட்டால் பாட்டு சத்தத்தைத் தாழ்த்த வேண்டும். அழைப்பு வந்தால் நின்று, முடிந்ததும் தொடர வேண்டும். வேறொரு செயலியில் படம் ஓடத் தொடங்கினால் நின்றுவிட வேண்டும். தானாகத் திரும்பி வரக்கூடாது. இயர்போன் கழன்றுவிட்டால், பேருந்து முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் அலறாமல் உடனே நிற்க வேண்டும். நிற்க வேண்டிய இந்த மூன்று நிலைகளையும் இயங்குதளம் செயலிக்கு அறிவித்துவிடும். அழைப்பு விஷயத்தில்தான் அவசரமாக எழுதிய செயலிகள் மாட்டிக்கொள்கின்றன. அழைப்பு முடிந்தது என்ற செய்தி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கிவிடும். அழைப்பு வருவதற்கு முன்பே கேட்பவர் பாட்டை நிறுத்தியிருந்தாரா என்று அவை குறித்து வைப்பதில்லை.