‘கீது’ என்று படித்தால் தவறா?

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் தாய்மொழி தமிழ். பெயரைக் கேட்டு மலையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் எங்கள் மாணவர்கள் பலர், “நாங்க பேசுறது நல்ல தமிழ் இல்ல சார்” என்கிறார்கள். பெற்றோரும் அதையே சொல்கிறார்கள். தம் பேச்சைத் தாமே தாழ்வாக எண்ணும் இந்த மனநிலையை மொழித் தாழ்வுணர்வு எனலாம்.

நியூயார்க் நகரப் பேச்சைப் பற்றி 1966இல் வெளியான ஆய்வில், வில்லியம் லபோவ் இதை எளிய முறையில் அளந்தார். 18 சொற்களை இரண்டு விதமாக உச்சரித்து, “எது சரி?”, “நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். விடைகள் எத்தனை சொற்களில் மாறுபட்டனவோ, அதுவே தாழ்வுணர்வின் அளவு.

அதே இரு கேள்விகளை எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ‘வந்துகிட்டு’, ‘இருக்கு’ என்பவை சரி என்ற மாணவர்கள், தாங்கள் சொல்வது ‘வந்துகினு’, ‘கீது’ என்றார்கள். ஆனால் பாடநூலில் இருப்பவை ‘வந்துகொண்டு’, ‘இருக்கிறது’. இரண்டு பேச்சு வடிவங்களுமே அவற்றிலிருந்து சுருங்கியவைதாம். ஒன்று திரைப்படத்திலும் நகரத்திலும் ஒலிப்பதால் உயர்வாகவும், மற்றது ஊர்ப்பேச்சு என்பதால் தாழ்வாகவும் படுகிறது. இந்த வேறுபாடு மொழியில் இல்லை. பேசுவோருக்குச் சமூகம் தரும் மதிப்பில் இருக்கிறது.

வாசிப்பு வகுப்பில் இதன் விளைவைக் காணலாம். ‘மரத்தில் கூடு இருக்கிறது’ என்பதை ஒரு குழந்தை ‘மரத்துல கூடு கீது’ என்று படித்தால், அது எழுத்தைக் கூட்டிப் பொருளையும் புரிந்துகொண்டு தன் பேச்சில் சொல்கிறது. ‘கூடு’ என்பதைக் ‘குடு’ என்று படித்தால் அது வாசிப்புப் பிழை. நெடிலைக் கற்பிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் திருத்தினால், எது பிழை என்று குழந்தைக்குத் தெரியாமல் போகும். பிறகு அது வாய் திறக்கத் தயங்கும்.

மற்றொரு விளைவு மிகைத்திருத்தம். ‘கோளி’ என்பதைக் ‘கோழி’ என்று பலமுறை திருத்தப்பட்ட மாணவர், அச்சத்தில் ‘வாளி’யையும் ‘வாழி’ என்று எழுதுவார். சரியாக இருந்ததும் கெடுகிறது. இத்தகைய பிழைகள் கூடினால், அறியாமையைவிட அச்சமே காரணமா என்று பார்க்க வேண்டும்.

தேர்வு எழுத்துத் தமிழில்தான் நடக்கிறது. அதைக் கற்பிக்காமல் விட முடியாது. நான் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ‘வீட்டில் சொல்வது’, ‘நூலில் எழுதுவது’ என்று தலைப்பிடுகிறேன். முதல் பகுதியை மாணவர்களே நிரப்புவார்கள். ‘வந்துகினு’ எதிரே ‘வந்துகொண்டு’ வரும். வாய்மொழி விடைக்கு முதல் பகுதிச் சொல்லையும் ஏற்கிறேன். கட்டுரையில் இரண்டாம் பகுதிச் சொல்லைக் கேட்கிறேன். எந்த இடத்தில் எது பொருந்தும் என்பது தெளிவாக இருப்பதால், திருத்தும்போது அவர்கள் பேச்சைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வதில்லை.