பணிப் பொறுப்பு ஒதுக்கீடு: ஒரு பணிக்கு ஒரு பொறுப்பாளர்

பலர் சேர்ந்து செய்யும் வேலையைச் சிறு பணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பணிக்கும் ஒரே ஒருவரைப் பொறுப்பாளராகக் குறிப்பதும், அதைச் சரிபார்ப்பவர்கள் யார், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை எழுதிவைப்பதும் பணிப் பொறுப்பு ஒதுக்கீடு எனப்படும். பொறுப்பாளர் என்பவர் எல்லா வேலையையும் தாமே செய்பவர் அல்லர். அந்தப் பணி முடிந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உதவிக்குப் பத்துப் பேர் இருக்கலாம். பதில் சொல்பவர் ஒருவர்தான். நிறுவனங்களில் பயன்படும் 'ரேசி' அட்டவணையிலும், செய்பவர்கள் பலராக இருந்தாலும் இறுதியாகப் பதில் சொல்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது விதி.

இம்முறை எவ்வாறு செயல்படுகிறது என்பதைப் பள்ளி ஆண்டு மலர்த் தயாரிப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நான்கு கையொப்பமும் ஒரு பிழையும்

இக்கட்டுரையாளர் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆண்டு மலரின் பரிசு பெற்றோர் பக்கத்தை நான்கு ஆசிரியர்கள் பார்த்துக் கையொப்பமிட்டனர். மலர் வெளிவந்த அன்று, பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவியின் பெயருக்கு நேராக வேறு பிரிவு அச்சாகியிருந்தது தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பின் இரு பிரிவுகளிலும் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இரு மாணவியர் இருந்தனர். பரிசு பெற்றவள் 'ஆ' பிரிவு. அச்சில் இருந்தது 'அ' பிரிவு. பிரதிகள் அனைத்திலும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. பரிசு பெற்ற பிள்ளையோ, மேடையில் மலரைப் பிரித்துப் பார்த்தபோதே முகம் வாடிவிட்டாள்.

விசாரித்தபோது, நால்வரும் எழுத்துப் பிழையை மட்டுமே பார்த்திருந்தனர். பரிசுப் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை மற்றவர் செய்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தனர். யாரும் சோம்பேறி அல்லர். அந்த வேலை எவர் பெயரிலும் இல்லை என்பதே காரணம்.

பலர் இருந்தால் ஏன் தவறுகிறது?

இது பொறுப்புப் பரவல் எனப்படும். அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் உள்தொடர்புக் கருவி வழியே உரையாடும்போது, ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கச் செய்தனர். தான் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், அது முடிவதற்குள் எழுந்து சென்று தெரிவித்தனர். வேறு நால்வரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். அது அவசர உதவி பற்றிய ஆய்வு. எனினும், பிறரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் தன் கடமையைக் குறைத்துக் காட்டுவது நான்கு கையொப்பக் கதையிலும் தெரிகிறது.

பணியைப் பிரிக்கும் முறை

'பரிசு பெற்றோர் பக்கம் – மலர்க்குழு' என்று எழுதினால் அது ஒதுக்கீடு ஆகாது. முதலில், எந்த நிலையை அடைந்தால் பணி முடிந்ததாகக் கொள்ளலாம் என்று எழுத வேண்டும். ஒருவரால் 'முடிந்தது' என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குப் பணி பெரிதாக இருந்தால், மேலும் பிரிக்க வேண்டும். அடுத்த ஆண்டு மேற்கண்ட பக்கம் பின்வருமாறு பிரிக்கப்பட்டது.

| பணி | முடிந்ததன் அடையாளம் | பொறுப்பாளர் | சரிபார்ப்பவரும் அவர் பார்ப்பதும் |
|---|---|---|---|
| பட்டியல் தொகுப்பு | எல்லாப் போட்டிகளும் அடங்கிய பட்டியல் | தமிழாசிரியர் | உடற்கல்வி ஆசிரியர்: விளையாட்டுப் பரிசுகளைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார். இலக்கிய மன்றப் பொறுப்பாசிரியர்: மற்றப் பரிசுகளை ஒப்பிடுவார் |
| பெயர், வகுப்பு, பிரிவு | ஒவ்வொரு பெயருக்கும் சேர்க்கை எண் எழுதிய பட்டியல் | அலுவலக இளநிலை உதவியாளர் | வகுப்பாசிரியர்கள்: தத்தம் வகுப்புப் பெயர்களை மட்டும் பார்ப்பர் |
| அச்சு மெய்ப்பு | அச்சகத்துக்கு 'அச்சிடலாம்' என்று கையொப்பமிட்ட பக்கம் | தமிழாசிரியர் | ஆங்கில ஆசிரியர்: ஒப்புதல் பெற்ற பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுவார் |

சேர்க்கை எண் சேர்ந்தவுடன் ஒரே பெயருள்ள இருவரும் தனித்தனியே தெரிந்துவிட்டனர். எண் அச்சில் வராது. சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படும்.

கூட்டத்தில் பட்டியலை உரக்கப் படித்து, குறிப்பிட்டவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்ட பின்பே அவர் பெயரை எழுத வேண்டும். வராதவர் பெயரில் பணியை ஒதுக்கினால், அவருக்கு அது தெரியாமலே கெடு தாண்டிவிடும். பொறுப்பாளர் விடுப்பில் போனால் பழைய பெயரை அடித்து, புதிய பெயரும் தேதியும் எழுத வேண்டும். இரு பெயர்களையும் அப்படியே விட்டுவைத்தால் மீண்டும் பழைய நிலைதான்.

சரிபார்ப்பவரின் எல்லை

'ஒருமுறை பாருங்கள்' என்று கொடுத்தால் எவரும் எழுத்துப் பிழையைத்தான் பார்ப்பார். எதை, எந்த ஆவணத்தோடு, எந்த நாளுக்குள் ஒப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தத்தில் இப்பிரிவினை உண்டு. உதவித் தேர்வாளர் திருத்தி மதிப்பெண் இடுகிறார். கூர்ந்தாய்வு அலுவலர், திருத்தாமல் விட்ட விடை உண்டா, கூட்டல் சரியா என்று பார்க்கிறார். இருவரும் ஒரே தாளைப் பார்த்தாலும் தேடுவது வேறு.

சரிபார்ப்பவர் பிழையைக் குறித்துத் திருப்பித் தர வேண்டும். தாமே திருத்திவிடக் கூடாது. அப்படித் திருத்தினால், அந்தத் திருத்தத்தைச் சரிபார்க்க எவரும் இல்லாமல் போவர். இருவர் கருத்து மாறுபட்டால் முடிவு பொறுப்பாளருடையது. எடுத்துக்காட்டாக, பரிசுப் பதிவேட்டில் 'எஸ். முருகன்' என்றும் சேர்க்கைப் பதிவேட்டில் 'செ. முருகன்' என்றும் இருந்தபோது, மலர் முழுவதும் சேர்க்கைப் பதிவேட்டின்படியே வரும் என்று அப்பணிக்குப் பொறுப்பான இளநிலை உதவியாளர் முடிவு செய்தார்.

கையொப்பத்தோடு எந்த மெய்ப்பு என்பதும் தேதியும் இருக்க வேண்டும். முதல் மெய்ப்பில் இட்ட கையொப்பம் இரண்டாம் மெய்ப்புக்குச் செல்லாது. ஒரு வரியைத் திருத்தும்போது அச்சகத்தில் பக்கத்து வரி மாறிவிடுவதுண்டு.

குறையை அறிவது எப்படி?

'இது யாருடைய பணி?' என்று கேட்டால் 'நாங்கள்தான்' என்ற பதிலோ, இரு பெயர்களோ வந்தால் ஒதுக்கீடு நடக்கவில்லை. சரிபார்ப்பவர்கள் ஒருமுறைகூட எதையும் திருப்பி அனுப்பவில்லை என்றால், அவர்கள் படிக்காமல் கையொப்பமிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒருவர் பெயரே பட்டியலில் பாதி இடத்தில் இருந்தால், அவர் சோர்ந்துபோகும் நாளில் எல்லாப் பணிகளும் சேர்ந்து நிற்கும்.

வரம்புகள்

பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் இம்முறை பயன்படாது. பதிவேட்டைக் கேட்டுப் பெறவோ, அச்சகத்தை நிறுத்திவைக்கச் சொல்லவோ உரிமையில்லாதவரைப் பொறுப்பாளர் ஆக்குவது, பழி சுமக்க ஓர் ஆளைத் தேடுவதாகவே முடியும். பிழை நேர்ந்தால் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அதைத் தடுக்க அவரிடம் என்ன இருந்தது என்பதே.