வடாபாவுக்குப் பின் ஒரு பிடி சோம்பு

குர்லா ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் தின்றால் வாயில் தங்குவது பூண்டுச் சட்னியின் வாடைதான். அடுத்து ஹார்பர் லைன் வண்டி. கூட்டத்தில் முகத்துக்கு முகம் நின்றாக வேண்டும். உடனே கை சோம்பைத் தேடுகிறது.

வாய் நாற்றம் வயிற்றிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பிறக்குமிடம் நாக்கின் பின்பகுதியும் ஈறு இடுக்குகளும்தான். காற்றுப் புகாத அந்த இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத் துணுக்குகளைச் சிதைத்து, அழுகிய முட்டையில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்களை விடுகின்றன. வாய் காய்ந்தால் நாற்றம் கூடும். காலையில் எழுந்ததும் தெரிவது அதுதான்.

சோம்பை மெல்லும்போது எச்சில் ஊறி, ஒட்டியிருக்கும் துணுக்குகளை அலசிவிடுகிறது. அதன் இனிப்பு மணத்துக்குக் காரணமான அனெத்தோல் நாற்றத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது. என் கணக்கில் பெரிய வேலை எச்சிலுடையது. மணம் வெறும் துணைதான்.

சோம்புக்குப் பதிலாகச் சிலர் மெல்லும் ஏலக்காயின் எண்ணெய் பெரும்பாலும் கறுப்பு விதைகளில் இருக்கிறது, தோலில் அல்ல. அதிலுள்ள சினியோல் யூகலிப்டஸ் தைலத்திலும் உண்டு. வாயில் குளிர்ச்சியாகத் தெரிவது அதனால்தான்.

கிராம்பு வேறு ரகம். அதன் எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். ஆய்வகத்தில் அது வாய்ப் பாக்டீரியாக்களைக் கொல்கிறது; பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கவும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கன்னத்தில் ஒதுக்கிய ஒரு கிராம்பின் சாறு ஈறு இடுக்கின் ஆழத்துக்கு இறங்காது. யூஜினால் மரத்துப்போகச் செய்வதால் சொத்தைப் பல்லின் வலி அடங்கும். சொத்தை வளர்ந்துகொண்டே இருக்கும். சுத்தமான கிராம்பு எண்ணெயை ஈறில் தடவினால் புண்ணாகிவிடும்.

இனி அந்தப் பூண்டு. செரிமானத்தின்போது உருவாகும் அல்லில் மெத்தில் சல்பைடு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மணிக்கணக்கில் வெளியேறும். வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டாலும் வாடை வந்தால் அது இந்த வகை. சோம்புக்கு அங்கே வேலையில்லை. பூண்டோடு ஆப்பிளோ புதினாவோ மென்று தின்றால் ஓரளவு குறைகிறது.

ஹோட்டல் கிண்ணத்தில் பச்சை, சிவப்புச் சர்க்கரை பூசிய சோம்பு இருந்தால் எடுக்காதீர்கள். அந்தச் சர்க்கரையைப் பாக்டீரியாக்கள் அமிலமாக்கும், பல்லுக்குத்தான் கேடு. கடையில் வாங்கும் முக்வாஸில் பாக்குத் துண்டு கிடந்தால் அதையும் ஒதுக்குங்கள்: பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

உங்கள் வாய் நாறுகிறதா என்று அறிய, ஸ்பூனின் முனையால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, சில நொடி கழித்து முகர்ந்து பாருங்கள். நாறினால் தினமும் காலையில் நாக்கை வழியுங்கள். சில வாரம் வழித்தும் போகவில்லையென்றால் ஈறைப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.